திரும்பி வந்த பொதி

வவுனியாவில் வீட்டிலிருந்தே சுடிதார் தைத்து விற்கும் ஒரு யுவதிக்கு முதன்முறையாகப் பொதியொன்று திரும்பி வந்தது. கூடவே, "34 என்று சொல்லியும் இறுக்கமாகத் தைத்து ஏமாற்றிவிட்டீர்கள்" என்று கோபமான செய்தி.

பதிலுக்குச் சண்டையிடாமல், சுடிதாரை மேசையில் விரித்து மார்புப் பகுதியை அளந்தாள். குறுக்கே 17 அங்குலம். சுற்றளவு சரியாக 34. வாடிக்கையாளர் தந்ததோ உடல் அளவு. இழுபடாத பருத்தித் துணிக்கு அதைவிட 2, 3 அங்குலம் தளர்வு வேண்டுமே!

"அக்கா, உங்கள் உடல் அளவைச் சட்டை அளவாக எடுத்துவிட்டேன். திருத்தி அனுப்புகிறேன். கூரியர் செலவு என்னுடையது" என்று எழுதினாள்.

நல்லவேளையாக, பக்கத் தையல்களில் ஓர் அங்குலத் துணி விட்டிருந்தாள். இரு பக்கமும், முன் பின் துண்டுகளில் அரை அங்குலம் வீதம் தளர்த்த, 2 அங்குலம் கிடைத்தது. கையின் அடித்தையலையும் அவ்வாறே தளர்த்தினாள்.

இப்போது ஓடர் எடுக்கும்போதே கேட்கிறாள்: "உடல் அளவா, சட்டை அளவா?"