பின்சக்கரத்தைக் கழற்றும் முன் நட்டைத் தளர்த்துங்கள்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. இதைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றக் கைபலம் தேவையில்லை. இடது கையால் ஹேண்டில்பாரையும் வலது கையால் பின்பக்கக் கைப்பிடியையும் பிடித்து வண்டியை நிமிர்த்த வேண்டும். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஒருசேரத் தரையைத் தொடும்வரை வலது காலால் மெல்ல அழுத்திப் பார்த்து, பிறகு உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானாகப் பின்னேறி நின்றுவிடும். ஒரு கால் மட்டும் தரையில் பட்டிருக்கும்போது மிதித்தால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. அவற்றுக்குப் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இருபுறமும் ‘ஸ்பூல்’ எனப்படும் சிறு உருளைகளைத் திருகி, ஸ்டாண்டின் கொக்கிகளை அவற்றில் மாட்டி, கைப்பிடியைக் கீழே அழுத்தினால் பின்பக்கம் எழும்பும். இதற்கு இரண்டு பேர் இருப்பது நல்லது. ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் இரு கொக்கிகளும் சரியாக விழுந்தனவா என்று குனிந்து பார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்ட் புதைந்துவிடும்.

செயினுக்கு எண்ணெய் போடும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிப்பவர்கள் இன்றும் உண்டு. துணியின் நுனி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். விரல் துண்டான விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

இன்றைய செயின்களில் பெரும்பாலானவற்றில், தட்டுகளுக்கு நடுவே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் உண்டு. உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறாமல் காப்பவை இவைதான். பெட்ரோலும் கம்பி பிரஷும் இந்த ரப்பரைக் கெடுத்துவிடும். செயின் கிளீனர் அல்லது மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷால் தேய்த்து, உலரத் துடைக்க வேண்டும். பிறகு செயினின் கீழ்ச் சரத்தில், சக்கரத்தைப் பார்த்த உட்பக்கமாக ஸ்ப்ரே அடிக்க வேண்டும். வண்டி ஓடும்போது சுழற்சி வேகம் எண்ணெயை உள்ளிருந்து வெளியே தள்ளுவதால், உட்பக்கம் போட்டது இடுக்குகள் வழியாகவே பரவும். டயரில் ஒரு துளி பட்டாலும் உடனே துடைத்துவிட வேண்டும். சிறிது நேரம் ஊறவிட்டு, வழிந்ததை ஒற்றி எடுத்த பிறகு வண்டியை எடுக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றும்போது ஆபத்து வேறு வடிவில் வரும். கம்பிச் சக்கரமும் ட்யூபும் உள்ள கிளாசிக் 350-இல் பஞ்சர் ஆனதென்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸில் நட்டை மிகவும் இறுக்கமாக முடுக்கியிருப்பார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நீளமான ஸ்பேனரில் தொங்கினால், அந்த விசை வண்டியை முன்னே தள்ளும். முன்னே தள்ளித்தானே சென்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்குகிறோம்? அதே அசைவில் வண்டி கழன்று விழும். பேடாக் ஸ்டாண்டில் பக்கவாட்டு இழுப்புக்கே வண்டி சரிந்துவிடலாம். ஆகவே சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அதன் பிறகே ஏற்ற வேண்டும். ஏற்றியதும் முன்பிரேக் லீவரைப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி நகராது. பின்சக்கரம் போனதும் எடை முன்னே மாறும் என்பதால் இது அவசியம்.

அடுத்து, இருபுறச் செயின் அட்ஜஸ்டர்களும் எந்தக் குறியில் நிற்கின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு தளர்த்த வேண்டும். டயருக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்தால் சக்கரத்தின் எடை ஆக்ஸிலில் தொங்காது. ஆக்ஸில் எளிதில் உருவி வரும். சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளிச் செயினை விலக்கினால் சக்கரம் வெளியே வந்துவிடும். விழும் ஸ்பேசர்களை வந்த பக்கம் மாறாமல் வரிசையாக வைப்பது நல்லது. பின்பக்கம் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பெடலைத் தொடக்கூடாது; தொட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது. நடுவே மடித்த அட்டையைச் செருகி வைக்கலாம்.

திரும்ப மாட்டும்போது அட்ஜஸ்டர் குறிகள் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னால் குனிந்து பார்த்தால் செயின் நேர்க்கோட்டில் ஸ்ப்ராக்கெட்டில் ஏற வேண்டும். சக்கரம் கோணலாக இருந்தால் ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். செயின் தொய்வை, வண்டியின் கையேடு சொல்லும் அளவில், சொல்லும் நிலையில் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும்போதும் தரையில் நிற்கும்போதும் தொய்வு மாறுபடும். ஆக்ஸில் நட்டின் கடைசி முடுக்கைச் சக்கரம் தரையில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முடுக்க வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் முதல் மிதிக்குப் பெடல் வெறுமையாக இறங்கலாம். அது கெட்டிப்படும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்த்த பிறகே சாலைக்குப் போக வேண்டும்.