முடிவுக்கும் செயலுக்கும் நடுவே ஆறு நிமிடம்

ஒரு டிக்கெட் முன்பதிவுத் தளத்தில் இரவு பத்து மணிவாக்கில் பணம் கட்டும் பக்கம் முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் பொறியாளர்கள் ஒரே அழைப்பில் கூடிப் பேசி, ஒரு மணி நேரத்தில் தளத்தை மீட்கிறார்கள். அழைப்பு முழுக்க ரெக்கார்ட் ஆகியிருக்கிறது. ஏன் இவ்வளவு நேரம் பிடித்தது என்று அலசும் கூட்டம் அடுத்த வாரம். அதற்கு முன் ஒருவர் அந்தப் பதிவைக் கேட்டு, நடந்ததைக் கால வரிசையில் எழுதித் தரவேண்டும்.

முதல் வேலை, பதிவின் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு பொருத்துவது. பதிவு 00:00:00 என்று தொடங்கும்; அது உண்மையில் எத்தனை மணி? அழைப்பிதழில் இருக்கும் நேரம் இதற்கு உதவாது. பத்து மணி அழைப்பில் ரெக்கார்டிங் பட்டனை நாலைந்து நிமிடம் கழித்துத்தான் யாராவது அழுத்தியிருப்பார்கள். ஆகவே குரலிலும் கணினியின் லாகிலும் ஒருசேரப் பதிவான ஒரு நிகழ்வைத் தேட வேண்டும். பதிவின் 12:40-ல் ஒருவர், “இப்போ ரோல்பேக் ஸ்டார்ட் பண்றேன்” என்கிறார். லாகில் அது 16:47:22 யுடிசி. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் 22:17:22. அதிலிருந்து 12:40-ஐக் கழித்தால், பதிவு தொடங்கியது 22:04:42.

ஒரே ஒரு நிகழ்வை நம்பி நிற்கக் கூடாது. 41:05-ல் இன்னொருவர், “அலர்ட் வந்துடுச்சு” என்கிறார். கண்காணிப்பு லாகில் அது 22:46:17. அதை வைத்துக் கணக்கிட்டால் தொடக்கம் 22:05:12 என்று வருகிறது; அரை நிமிடம் இடிக்கிறது. நடுவில் பதிவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்களா, அல்லது நேரம் வேறு எங்காவது நழுவியதா? மூன்றாவதாக, நான்காவதாகச் சில நிகழ்வுகளைப் பிற்பகுதியில் ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் அதே அரை நிமிடம் வந்தால் பதிவில் இடைவெளி இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் இடித்தால், சொன்ன நேரமும் நடந்த நேரமும் பிசகியிருக்கின்றன.

அடுத்து, வரிகளைப் பிரிப்பது. கண்டது, முடிவெடுத்தது, செய்தது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிட்டால் காரணம் புதைந்துபோகும். நம் உதாரணத்தில் 19:30-ல் ஒருவர், “டேட்டாபேஸை ரீஸ்டார்ட் பண்ணிடலாமா?” என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அழைப்பை நடத்துபவர், “வேணாம், பாதியில பணம் கட்டிக்கிட்டிருக்கிறவங்க மாட்டிக்குவாங்க. கனெக்ஷன் லிமிட்டைக் குறைச்சுப் பார்ப்போம்” என்கிறார். கால வரிசையில் இது இப்படி இறங்கும்:

22:24:12 — யோசனை: டேட்டாபேஸ் ரீஸ்டார்ட்.
22:24:30 — முடிவு: ரீஸ்டார்ட் வேண்டாம், லிமிட்டைக் குறைப்பது. காரணம்: நடுவில் நிற்கும் கட்டணங்கள்.
22:30:52 — செயல்: லிமிட் குறைக்கப்பட்டது (லாக்).

கைவிட்ட யோசனையும் அதன் காரணமும் எந்த லாகிலும் கிடைக்காது. பதிவைக் கேட்பதன் பெரிய பயனே அதுதான். முடிவு வரும் இடங்களைத் தானியங்கி எழுத்துப்பிரதியை மட்டும் நம்பி எழுதாமல் காதால் கேட்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த, ஒருவர் மேல் ஒருவர் பேசுகிற அழைப்பில் ஒரு “வேணாம்” விழுந்துபோனால் முடிவே தலைகீழாகிவிடும்.

இப்போது கடைசி இரு வரிகளைப் பாருங்கள். முடிவுக்கும் செயலுக்கும் நடுவே 6 நிமிடம் 22 விநாடி. அந்த இடைவெளியைத் திரும்பக் கேட்டால் காரணம் தெரிகிறது: லிமிட்டை மாற்றும் அனுமதி உள்ளவர் அழைப்பிலேயே இல்லை, அவரைத் தேடிப் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

எழுதுபவர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. கனெக்ஷன்களை ஒரு பழைய வேலை அடைத்துக்கொண்டிருந்தது என்று 22:41-க்குத்தான் தெரிந்தது. அதை 22:24 வரியில் சேர்த்துவிட்டால், அப்போது பேசியவர்கள் கண்ணெதிரே இருந்ததைக் கவனிக்காதவர்கள் போலத் தோன்றுவார்கள். ஒவ்வொரு முடிவும் எடுத்தவருக்கு அந்தக் கணத்தில் சரியாகப் பட்டது, அது ஏன் என்றே கேட்க வேண்டும் என்று எட்சி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012-ல் எழுதினார். ஆகவே ஒவ்வொரு வரியிலும் அந்த நிமிடம் வரை தெரிந்தது மட்டுமே இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் ‘அழைப்பை நடத்தியவர்’, ‘டேட்டாபேஸ் பொறியாளர்’ என்று பொறுப்பைக் குறிப்பதும் இதனால்தான்.

பதிவுக்கும் எல்லை உண்டு. தனிச் செய்தியில் பேசியதும், ஒருவர் திரையில் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதும் அதில் இராது. அதனால் வரைவை அழைப்பில் இருந்தவர்களிடம் ஆய்வுக்கு முன்பே கொடுத்து, அவர்கள் நினைவிலிருந்து சேர்ப்பதை ‘நினைவு’ என்று தனியே குறிக்க வேண்டும். அப்படித் தயாரான வரிசையோடு உட்காரும் கூட்டம், யார் தாமதித்தார் என்று கேட்டுக்கொண்டிருக்காது. அனுமதி உள்ள ஒருவரை முதல் ஐந்து நிமிடத்துக்குள் அழைப்பில் சேர்க்க என்ன ஏற்பாடு செய்வது என்று நேரே பேசத் தொடங்கும்.