அம்மை கண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தில் லீவ் லெட்டர்

பிள்ளைக்கு அம்மை கண்டால் வகுப்பாசிரியருக்குப் போகும் ஆங்கில லீவ் லெட்டர், பெரும்பாலும் வீட்டில் கிறுக்கிய தமிழ்க் குறிப்பிலிருந்துதான் உருவாகிறது. குறிப்பு இப்படி இருக்கும்: "அம்மா போட்டிருக்கு. வெள்ளி ராத்திரி பார்த்தோம். டாக்டர்கிட்ட காட்டியாச்சு. மூணு தண்ணி ஊத்தி அனுப்புறோம்."

யாருக்கு அம்மை என்பது குறிப்பில் இல்லை. தமிழுக்கு அது தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்" என்ற வாக்கியத்தையே எடுத்துவிடுகிறார்கள். அது மாணவன் தன் பெயரில் எழுதுவது. அப்பா கையெழுத்திடும் கடிதத்தில் அது வந்தால் நோய் அப்பாவுக்கு என்றாகிவிடும். ஆகவே "மை சன்" என்று தொடங்கி, பெயரையும் வகுப்பையும் பிரிவையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, எந்த அம்மை? சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை என்று மூன்றையும் வீட்டில் அம்மை என்றே சொல்வார்கள். ஆங்கிலத்தில் அவை சிக்கன்பாக்ஸ், மீசில்ஸ், மம்ப்ஸ் என்று வெவ்வேறு நோய்கள். நோயின் பெயரைச் சொல்லக் கூசி "ஃபீவர்" என்று மட்டும் எழுதுவதுதான் பெரிய தவறு. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும். வெள்ளி இரவு கண்டது என்றால், வியாழனும் வெள்ளியும் அந்தப் பையன் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே பரவியிருக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு அது தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். வகுப்பில் கர்ப்பிணி ஆசிரியர் இருந்தால் இந்தத் தகவல் அவருக்கு மிக அவசரமானது. அதனால் கண்ட தேதி கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

"மூணு தண்ணி" என்பது வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றும் வழக்கம். எந்த நாளில் ஊற்றுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆசிரியருக்குத் தேவை, திரும்பி வரும் நாள். அதைத் தீர்மானிப்பது தண்ணீரின் எண்ணிக்கை அல்ல. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். புதிதாக ஒன்றும் கிளம்பக் கூடாது. இதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் வரை ஆகும்.

மார்ச் 7 வெள்ளியன்று கண்டது, 10 திங்களன்று கடிதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம்: மகனுக்குச் சின்னம்மை, கொப்புளம் முதலில் தெரிந்தது 7 இரவு. இரண்டாவது: 10 முதல் 14 வரை வர இயலாது. மூன்றாவது: கொப்புளம் காய்ந்துவிட்டால் 17 திங்களன்று வருவான், விடுபட்ட பாடங்களையும் தேர்வையும் அப்போது முடிப்பான். டாக்டர் சீட்டின் நகலை இணைக்கலாம். 17-க்குள் காயவில்லையென்றால் புதிய தேதியுடன் இன்னொரு கடிதம் போக வேண்டும்.