புட்டியின்மேல் ஒரு வாக்கு

கடையில் ஊறுகாய் வாங்குபவர் ஐயம் எழுந்தால் விற்பவரிடம் கேட்பார். இணையவழியில் வாங்குபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே, புட்டியின்மேல் ஒட்டப்படும் விவரச்சீட்டே விற்பவரின் வாக்காகிறது.

வீட்டில் மாங்காய் ஊறுகாய் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு செய்தல் வேண்டும். பதிவின்போது கிடைக்கும் 14 இலக்க எண் விவரச்சீட்டில் இடம்பெறும். நிகர எடை, செய்த நாள், முகவரி ஆகியனவும் அதில் இருத்தல் வேண்டும்.

சேர்பொருள்களை எடை மிகுந்ததில் தொடங்கி வரிசையாக எழுதுவர்: மாங்காய், நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர் ஊறுகாயில் அது இருக்குமென எண்ணமாட்டார். ஆகவே, அதனைத் தனியே குறிப்பிடுதல் இன்றியமையாதது.

கெடாதிருக்கும் காலத்தை ஊகித்து எழுதுதல் கூடாது. ஒரே நாளில் செய்த புட்டிகளுள் சிலவற்றை எடுத்துவைத்து, மாதந்தோறும் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். நான்காம் மாதத்தில் பூஞ்சையோ குமிழியோ காறல் வாடையோ தோன்றினால், இரண்டு மாதம் எனக் குறிப்பதே பாதுகாப்பு. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளை அறிய ஆய்வகச் சோதனை தேவை.

வெப்பத்தில் எண்ணெய் விரிந்து மூடிவழியே கசியும். ஆதலால், துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க, மேலே சிறிது இடம் விட்டு மூடுக. கட்டிய பெட்டி ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விட்டு, ஒரு நாள் தலைகீழாக வைத்துப் பார்க்க. கசிவு இல்லையெனில் அவ்வாறே கட்டி அனுப்பலாம்.

சிந்தித்து எழுதுக: ஊறுகாயின் விவரச்சீட்டில் கோதுமையைக் குறிப்பிடுவது ஏன்?