இரண்டு இடத்திலும் இல்லாத பத்து படங்கள்

கல்யாணப் படங்கள் 400. மடிக்கணினியிலிருந்து கட் செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தேன். பாதியில் பென் டிரைவ் கழன்றுவிட்டது. எண்ணிப் பார்த்தால் அங்கே 250, இங்கே 140. பத்தைக் காணோம். வயிறு கலங்கிவிட்டது.

வேறு டிரைவுக்கு மாற்றும்போது விண்டோஸ் ஒவ்வொரு கோப்பையும் நகலெடுத்துவிட்டு மூலத்தை அழிக்கிறது. ஆனால் ‘எழுதியாயிற்று’ என்று அது நம்பும் படம் சிலசமயம் இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கும். அந்த நொடியில் பென் டிரைவைப் பிடுங்கினால் இங்கே அழிந்திருக்கும், அங்கே சேர்ந்திருக்காது. ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

அழிந்த இடத்தின் மேல் புதிதாக எதுவும் எழுதப்படக் கூடாது என்பதுதான் முக்கியம். அதனால் மடிக்கணினியில் வேலையை உடனே நிறுத்தினேன். மீட்பு மென்பொருளான போட்டோரெக்கை வேறொரு பென் டிரைவிலிருந்து இயக்கி, மீண்ட படங்களை மூன்றாவது டிஸ்க்கில் சேமித்தேன். ஏழு கிடைத்தன, பழைய பெயர்கள் இல்லாமல்.

அதன்பிறகே, கழன்ற பென் டிரைவில் இருந்த 250 படங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, இதை ஓட்டினேன் (E என்பது அதன் எழுத்து):

```
chkdsk E: /f
```

மறைந்திருக்கும் FOUND.000 கோப்புறையில் FILE0000.CHK போன்ற துண்டுகள் வந்தன. முடிவை .jpg என்று மாற்றியதும் இரண்டு படங்கள் திறந்தன. ஒன்றில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

மடிக்கணினியில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியாக இருந்தால், டிரிம் வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். அந்த ஏழும் கிடைத்திருக்காது.