ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, ராஜினாமா எப்போது?

வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் முக்கியமாக நான்கு விஷயங்கள் இருக்கும்: என்ன பதவி, எவ்வளவு சம்பளம், எந்தத் தேதியில் சேர வேண்டும், எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். பலர் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு, அன்று மாலையே இருக்கிற வேலையை ராஜினாமா செய்துவிடுகிறார்கள். மற்ற மூன்றையும் படித்திருந்தால் அந்த ராஜினாமா நான்கைந்து நாள் தள்ளிப் போயிருக்கும். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ஓர் உதாரணம். சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, கிண்டியில் உள்ள இன்னொரு நிறுவனம் மார்ச் 2 அன்று ஆஃபர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பதவி சீனியர் அக்கவுன்டன்ட். சம்பளம் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் சி.டி.சி. ஏப்ரல் 15 அன்று சேர வேண்டும். மார்ச் 5 மாலை 6 மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000 வருகிறது. ஆனால் அது வங்கிக் கணக்கில் விழும் தொகை அல்ல. சி.டி.சி. என்பது அந்த ஊழியருக்காக நிறுவனம் ஆண்டு முழுவதும் செய்யும் மொத்தச் செலவு. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள சம்பளப் பிரிவு அட்டவணையில்தான் உண்மைக் கணக்கு இருக்கும்.

அந்த அட்டவணையில் வேரியபிள் பே 60,000 ரூபாய் என்று இருக்கிறது. வேலைத் திறனையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்து ஆண்டு முடிவில் தருவது அது; முழுதாகவும் வரலாம், பாதியாகவும் வரலாம். மீதி 5,40,000. அதற்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் ஆண்டுக்கு 21,600. பேசிக் சம்பளம் மாதம் 25,000 என்பதால், அதில் 4.81 சதவீதம் கணக்கிட்டு ஆண்டுக்கு 14,430 ரூபாயைக் கிராஜுவிட்டி என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 6,000. இவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 4,97,970, அதாவது மாதம் ஏறக்குறைய 41,500. இதிலிருந்து அவருடைய பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். சென்னையில் அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில் வரி உண்டு. மாதத்துக்குச் சுமார் 208. கையில் வருவது 39,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை.

இப்போதைய வேலையில் அவருக்குக் கையில் 36,000 வருகிறது என்றால், 14,000 கூடுகிறது என்று நினைத்தது 3,500 ஆகச் சுருங்கிவிடுகிறது. பி.எஃப். பணம் அவர் பெயரில்தான் சேர்கிறது. அது இழப்பு அல்ல. ஆனால் கிராஜுவிட்டி அப்படியல்ல. நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கைக்கு வரும். இரண்டே ஆண்டில் கிளம்புகிறவர் அந்த 14,430-ஐத் தன் சம்பளமாக எண்ணக் கூடாது. அட்டவணையே இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், எச்.ஆரிடம் அதைக் கேட்டு வாங்கிய பிறகே மேலே பேச வேண்டும்.

பதவி என்ற வரியில் பட்டத்தைவிட முதலாளி யார் என்பதைப் பார்க்க வேண்டும். நேர்காணல் நடத்தியது ஒரு நிறுவனம், கடிதம் வந்தது ஆள் சப்ளை செய்யும் வேறொரு நிறுவனத்திடமிருந்து என்றால், அவர் சேரப்போவது அந்த இரண்டாவது நிறுவனத்தின் பேரோலில். சம்பளம், பி.எஃப்., ரிலீவிங் லெட்டர் எல்லாம் அங்கிருந்துதான் வரும்.

அடுத்தது சேரும் தேதி. இந்தப் பெண்ணுக்கு இப்போதைய இடத்தில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். மார்ச் 6 அன்று ராஜினாமா கொடுத்தால், அந்த நாளையும் சேர்த்து எண்ணினால், மே 4 தான் கடைசி நாள். ஏப்ரல் 15-க்கு வழியே இல்லை. நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி முன்னதாக வெளியேற பழைய நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அந்தப் பணத்தைப் புதிய நிறுவனம் தருமா என்பதும் எழுத்தில் வர வேண்டும். இல்லையென்றால் சேரும் தேதியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதை எப்படிக் கேட்பது என்பதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-வது பிரிவில், சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. “ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மே 6 அன்றுதான் சேர்வேன்” என்று எழுதினால் அது சம்மதம் ஆகாது. எதிர் முன்மொழிவு ஆகிவிடும். பழைய ஆஃபரை நிராகரித்ததாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். அதையே கேள்வியாகக் கேட்டால் ஆஃபர் அப்படியே உயிரோடு இருக்கும்: “என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். சேரும் தேதியை மே 6 என மாற்றித் திருத்திய கடிதம் அனுப்ப முடியுமா? அதுவரை பதில் சொல்லும் கடைசி நாளையும் நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.”

கடைசி நாளை நீட்டித்துக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சொன்ன கெடு கடந்தால் முன்மொழிவு தானாகவே காலாவதியாகிவிடும் என்பது அதே சட்டத்தின் 6-வது பிரிவு. கெடு வரைக்கும் நிறுவனம் காத்திருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. நாம் சம்மதம் அனுப்பும்வரை அவர்கள் ஆஃபரைத் திரும்பப் பெறலாம் என்கிறது 5-வது பிரிவு. அதனால் கேள்விகளை முதல் நாளே அனுப்பிவிட வேண்டும். “பரவாயில்லை, அடுத்த வாரம் சொல்லுங்கள்” என்று எச்.ஆர். போனில் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அதையே மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துகொள்வது நல்லது.

திருத்திய கடிதம் வந்ததும் சம்மதத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும்: எந்தத் தேதியிட்ட கடிதம், என்ன பதவி, சேரும் நாள் மே 6, ஏற்றுக்கொள்கிறேன். மின்னஞ்சலில் செய்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. கடிதங்களை அலுவலக மெயிலில் வைக்காமல் சொந்த மெயிலில் சேமித்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்ட நாளில் அலுவலக மெயில் கைவிட்டுப் போய்விடும்.

இன்னும் ஒரு வரி பாக்கி. பின்னணிச் சரிபார்ப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டது இந்த ஆஃபர் என்று கடிதத்தின் கீழே பெரும்பாலும் இருக்கும். அவற்றில் எதையெல்லாம் ராஜினாமாவுக்கு முன்பே முடிக்க முடியும் என்று கேட்கலாம். படிப்புச் சான்றிதழ், முந்தைய வேலைகள் பற்றிய சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. சம்மதம் சொன்ன பிறகு நிறுவனம் பின்வாங்கினால் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் தனியார் வேலையில் ஒருவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாக உத்தரவிடாது.

ஆகவே வரிசை இதுதான்: சம்பள அட்டவணை, திருத்திய தேதியோடு கடிதம், நிபந்தனை இல்லாத சம்மதம், அது கிடைத்தது என்று நிறுவனத்தின் பதில், அதன் பிறகு ராஜினாமா. இந்தப் பெண் மார்ச் 2 மாலையே ராஜினாமா கொடுத்திருந்தால், அவருக்கு மிச்சமாகியிருப்பது நான்கு நாள். அதற்கு விலையாக, புதிய வேலை உறுதியாகும் முன்பே பழைய வேலையை விட்டிருப்பார்.