மாடியில் மாட்டிய விளக்குக்கு ஒரு மீட்டர் ஆழத்து அழுத்தம்! எப்படித் தெரியுமா?

கேட் பில்லருக்கு விளக்கு வாங்கப் போகிறீர்களா? அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் ஐபி44 என்றோ ஐபி65 என்றோ பொடி எழுத்தில் இருக்கும். அந்த இரண்டு எண்களை வாங்க ஒரு விளக்கு என்ன பாடுபடுகிறது தெரியுமா?

முதல் எண் தூசிக்கு. 0 முதல் 6 வரை உண்டு. 6 வேண்டுமா? விளக்கை ஒரு கூண்டுக்குள் வைத்து, சலித்த டால்கம் பவுடரைப் புயலாகக் கிளப்பிவிடுவார்கள்! கூண்டின் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 2 கிலோ பவுடர்! அதோடு விட்டார்களா? சில சோதனைகளில் உள்ளே இருக்கும் காற்றையும் பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். இந்தக் கூத்து 8 மணி நேரம் வரை நடக்கலாம்! பிறகு திறந்து பார்த்தால் உள்ளே பவுடரின் சுவடே இருக்கக் கூடாது. கொஞ்சம் புகுந்திருக்கிறது, ஆனால் வேலைக்குக் கெடுதல் இல்லை என்றால் 5தான் கிடைக்கும்.

இரண்டாவது எண் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். நிமிடத்துக்கு 12.5 லிட்டர்! 6 எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு 100 லிட்டர்! ஐந்து வாட்டர் கேன்களை ஒரே நிமிடத்தில் முகத்தில் அடித்தது போல! அதுவும் குறைந்தது 3 நிமிடம்!

7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடக்க வேண்டும். அப்படியானால் 7 வாங்கிய விளக்கு, 6-ஐயும் தாங்கும்தானே? இல்லை! மூழ்கடிப்பது வேறு சோதனை, பீய்ச்சுவது வேறு சோதனை. மூழ்கித் தேறிய விளக்கு, ஹோஸ் பைப்பில் தோற்கலாம்! இரண்டும் வேண்டுமென்றால் ஐபி66/ஐபி67 என்று இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பெரிய ஆச்சரியம்! ஐபி65 விளக்குதான். மொட்டை மாடிச் சுவரில் உயரமாகத்தான் மாட்டியிருக்கிறது. ஆனாலும் ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் தண்ணீர்! எப்படி?

சாயங்காலம் போட்ட விளக்கின் உள்காற்று 60 டிகிரிக்குச் சூடேறி, விரிந்ததில் ஒரு பகுதி மெல்ல வெளியே கசிந்துவிட்டது என்று வையுங்கள். ராத்திரி விளக்கை அணைக்கிறீர்கள், சடசடவென்று மழை பிடிக்கிறது. உள்காற்று 25 டிகிரிக்கு இறங்குகிறது. காற்று உடனே உள்ளே திரும்ப வழியில்லை என்றால் உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அது எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம்! சுவரில் இருந்தபடியே விளக்கு மழைநீரை உள்ளே இழுக்கிறது!

இதற்கு வழி இல்லாமலா? நல்ல ஃப்ளட் லைட்டின் பின்னால் பொத்தான் அளவுக்கு ஒரு மூச்சு வால்வு இருக்கும். அதன் நுண்துளைச் சவ்வு காற்றை விடும், தண்ணீர்த் துளியை விடாது! வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கசிகிறதே என்று அதன்மேல் சிலிகான் பூசிவிட்டால் தொலைந்தது!

விளக்கு உறிஞ்சும் தண்ணீர் பெரும்பாலும் எங்கே நுழையும்? வயர் வழியாக! கேபிள் கிளாண்டின் ரப்பர், உருண்டையான கேபிளைத்தான் சுற்றிக் கவ்வும். அதில் இரண்டு தனி வயர்களைச் செருகினால் நடுவே சந்து! ஐபி65 அங்கேயே போயிற்று! ஜங்ஷன் பாக்ஸின் தலையில் துளை போட்டாலும் அதே கதிதான். வயர் கீழிருந்து நுழைய வேண்டும். அதற்கு முன் ஒரு வளைவு தொங்கினால், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

எந்த இடத்துக்கு எது? கூரையுள்ள போர்டிகோவுக்கு 44 போதும். நேரடி மழை படும் பில்லருக்கு 65. ஹோஸ் பிடித்து வேகமாகக் கழுவும் இடத்துக்கு 66. தண்ணீர் தேங்கும் புல்தரையில் பதிக்க 67. நீரூற்றுக்குள் வைக்க 68, ஆனால் எத்தனை மீட்டர் ஆழம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும்! குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில் இரண்டாவது எண் 4-க்குக் குறையவே கூடாது.

இன்னொன்று தெரியுமா? இந்தச் சோதனை எல்லாம் புது விளக்கில், நல்ல தண்ணீரில்! கடலோர உப்புக் காற்றைப் பற்றியும் பங்குனி வெயிலைப் பற்றியும் அந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை! அதனால் மழைக்காலத்துக்கு முன் மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, ரப்பர் கேஸ்கெட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றால் ரப்பர் செத்துவிட்டது. உடனே மாற்றுங்கள்!